மீதிக் கதைக்கு எழும்பூர் வாங்க!

சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். இது அண்ணா நகரில் என் சித்தி வீட்டு மாடியறை. கட்டிலெங்கும் சேலைகள் பிரிந்து கிடக்கின்றன. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பவள் என் தங்கை, சித்தி மகள். நேற்று மாலை நுங்கம்பாக்கத்தில் ஒரு காபி கடையில் அவளுக்கு முதல் டேட். நன்றாகவே போயிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது! இப்போது இங்கே நடப்பது இரண்டாவது டேட்டுக்கான திட்டம். வாசகர்களுக்காக இந்த அறையின் கதவை நான் திறந்துவிடுகிறேன். இருவரிடமும் அனுமதி வாங்கியாயிற்று. பெயர் மட்டும் கேட்காதீர்கள்.

முதல் டேட்டுக்குத் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. இருவருக்கும் பக்கமாக ஓர் இடம், குடிக்க ஏதாவது, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இரண்டாவதுதான் சுவாரசியம். எதிரில் இருப்பவரைப் பற்றி இப்போது கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அவள் கெட்டிக்காரி. வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவிலேயே நினைவில் இருந்ததையெல்லாம் கைப்பேசியில் தட்டி வைத்துவிட்டாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். அவர் ஆலந்தூரிலிருந்து மெட்ரோவில் வந்தார். வண்டி ஓட்டப் பிடிக்காதாம். இடது காது சின்ன வயதிலிருந்தே சரியாகக் கேட்காது என்று அவரே சொன்னார். கடையில் பாட்டுச் சத்தம் ஏறும்போதெல்லாம் வலது காதை முன்னால் திருப்பித் திருப்பிக் கேட்டார். காபியில் சர்க்கரை இல்லை. அம்மா ஊர் சுவாமிமலைப் பக்கம். பள்ளி விடுமுறைகளில் அங்கே சிலை வார்க்கும் பட்டறையின் ஜன்னலில் தொங்கிக்கொண்டு மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறார். தாத்தா இறந்த பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

"அக்கா, அந்தப் பட்டறையைப் பத்திப் பேசும்போது கையெல்லாம் பேசிச்சு. மெழுகு பொம்மை மேல மண்ணு பூசி, கம்பி கட்டி, சூடு பண்ணுவாங்களாம். மெழுகு உருகி வெளியே ஓடிடுமாம். அப்புறம் என்ன ஆகும்னு கேக்கறதுக்குள்ள பில் வந்திடுச்சு!"

நான் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டேன். இதுதான்! பாதியில் நின்ற பேச்சு. இரண்டாவது டேட்டுக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது.

ஏன் என்று சொல்கிறேன். 'அவருக்கு என்ன பிடிக்கும்' என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு இடம் தேடுவதுதான் வழக்கம். பிரியாணி பிடிக்கும் என்றால் பிரியாணிக் கடை, கிரிக்கெட் பிடிக்கும் என்றால் சேப்பாக்கம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் பிடித்ததை யாருடன் வேண்டுமானாலும் போய் அனுபவிக்கலாம். பாதியில் நின்ற பேச்சோ அந்த இருவருக்கு மட்டுமே சொந்தம். அன்று கவனித்துக் கேட்டோம் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. 2017இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில நிமிடங்களுக்கு ஒருவர் என்று பலரை வரிசையாகச் சந்திக்கும் ஸ்பீட் டேட்டிங் உரையாடல்களை எடுத்துப் பார்த்தார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்டவர்களை மறுபடி சந்திக்கச் சம்மதித்தவர்கள் அதிகம் என்று கண்டார்கள். படித்ததிலிருந்து எனக்கு அது மறக்கவே இல்லை.

இனி இடம். இந்த அறையில் அடிபட்டுப் போன யோசனைகளைக் கேளுங்கள். சினிமா: இரண்டரை மணி நேரம் பேசவே முடியாது, சத்தம் வேறு. மண்பாண்ட வகுப்பு: மண், அச்சு என்று அவர் பேசியதற்குப் பொருத்தமாகத்தான் தோன்றியது. ஆனால் சொல்லிக்கொடுக்க நடுவில் ஓர் ஆசிரியர் நிற்பார், கண்ணெல்லாம் சக்கரத்தில் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா: அழகான இடம், ஆனால் பாதி நாள் போய்விடும். இரண்டாவது டேட்டில் பேச்சு ஓடாவிட்டால் யாருக்கும் சங்கடமில்லாமல் கிளம்ப வழி இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போய்விட்டால் அந்த வழி இல்லை.

சுவாமிமலைக்கே ஒரு நாள் பயணம் போனால் என்ன என்று அவள் கண்கள் மின்னக் கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த ஊரில் தாத்தாவின் நினைவு இருக்கிறது. முதல் டேட்டில் குரல் இறங்கிய இடத்தைத் திட்டத்துக்குள் இழுக்கக் கூடாது. அவராகத் திறக்கும் வரை அது அவருடையது.

அப்போதுதான் அவளே கத்தினாள்: "எழும்பூர் மியூசியம்!"

யோசிக்க யோசிக்க எல்லாம் கூடி வந்தது. பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளுக்குத் தனிக் கட்டடமே இருக்கிறது. அவர் ஜன்னலில் தொங்கிப் பார்த்த அதே முறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வார்த்த சோழர் காலத்துச் சிலைகள் அங்கே இருக்கின்றன. பாட்டுச் சத்தம் கிடையாது. ஆலந்தூரும் அண்ணா நகரும் எழும்பூரும் மெட்ரோவின் ஒரே பச்சைத் தடத்தில் வருகின்றன. திரும்பும்போது இருவருக்கும் ஒரே ரயில், அவள் முதலில் இறங்குவாள்! இதைக் கண்டுபிடித்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் சித்தி கீழேயிருந்து என்னடி என்று கேட்டாள்.

முக்கியமான இன்னொன்றும் உண்டு. அவருக்கு ஆர்வமான இடமாக மட்டும் இருந்தால் அவர் பேசிக்கொண்டே போவார், அவள் தலையாட்டிக்கொண்டே நிற்பாள். இரண்டாவது டேட் பல நேரம் இப்படித்தான் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. என் தங்கை ஆடை வடிவமைப்பாளர். சிலைகளின் இடுப்பு உடையில் செதுக்கிய மடிப்பையும் கரையையும் பார்த்தால் அவளுக்கு நேரம் போவது தெரியாது. அவர் சிலை உண்டான விதத்தைச் சொல்லலாம், அவள் சிலை உடுத்தியிருப்பதைச் சொல்லலாம். இருவருக்கும் கொடுக்க ஏதாவது இருக்கும் இடம்தான் சரியான இடம்.

நாள் பார்த்தோம். வெள்ளிக்கிழமை அவளுக்கு மதியம் விடுப்பு கிடைக்கும் என்று துள்ளினாள். சரிபார்த்தால் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை! நல்ல வேளை, அழைப்பு இன்னும் போகவில்லை. ஞாயிறு மாலை 3 மணி என்று வைத்தோம். 5 மணிக்கு மூடிவிடுவார்கள். யாரும் 'கிளம்பலாமா' என்று கேட்க வேண்டியதில்லை, காவலரே கேட்டுவிடுவார். மனம் ஒத்துப்போனால் அப்படியே டிபன், இல்லையென்றால் மெட்ரோ.

அடுத்தது அழைப்பு. முதல் வரைவு இப்படி இருந்தது: "உங்களுக்குச் சிலைகள்னா உயிர்னு சொன்னீங்கல்ல." அவர் அப்படிச் சொல்லவே இல்லை! பட்டறையை வேடிக்கை பார்த்தேன் என்றுதான் சொன்னார். சொன்னது வேறு, நாம் ஊகித்தது வேறு. ஊகித்ததை அவர் வாயில் போட்டால், யாரோ வேறொருவரைப் பார்த்துப் பேசுவதுபோல் அவருக்குத் தோன்றும். இன்னொரு ஆபத்தையும் அங்கேயே தடுத்தோம். அவருடைய இன்ஸ்டாகிராமில் ஐந்து வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள், கோயில் வாசலில் எடுத்தது. அதைக் குறிப்பிட ஆசை. கூடாது என்று இருவருமே முடிவு செய்தோம். அவர் தானாகச் சொன்னதை நினைவில் வைத்திருந்தால் மகிழ்ச்சி, சொல்லாததைத் தோண்டி எடுத்திருந்தால் பயம்.

கடைசியில் போனது இது: "அன்னைக்கு மெழுகு உருகி வெளியே ஓடினதோட பில் வந்திடுச்சு. மீதிக் கதை எனக்குத் தெரிஞ்சாகணும். எழும்பூர் மியூசியத்துல வெண்கலச் சிலைங்க இருக்கு. ஞாயிறு 3 மணிக்கு அங்க வெச்சு சொல்றீங்களா? வேற இடம் தோணினாலும் சொல்லுங்க." கடைசி வரி நான் கெஞ்சிச் சேர்க்கச் சொன்னது. மறுக்கவும் மாற்றவும் வழி விட்டு அழைப்பதுதான் அழைப்பு.

பதில் வர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் எல்லாச் சேலையும் மடிக்கப்பட்டுவிட்டது! "அதை ஞாபகம் வெச்சிருக்கீங்களா? கண்டிப்பா வர்றேன்."

ஞாயிறு நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் முதலில் அவள் செய்தது அவருக்கு வலது பக்கம் போய் நடந்ததுதான். சொல்லிக்காட்டவில்லை, சும்மா நடந்தாள். அரைமணி நேரம் கழித்து அவர் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் சிரித்தாராம். இதை அவள் என்னிடம் நான்கு முறை சொன்னாள்.

மீதிக் கதையும் வந்தது. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் செய்வார்கள். ஓலையை மடித்து அளவு எடுப்பார்கள். மெழுகின் மேல் முதலில் பூசுவது காவிரியின் மெல்லிய வண்டல் மண். மூக்கு, விரல், நகை என்று நுணுக்கம் எல்லாம் அந்த முதல் பூச்சில்தான் பதியும். மெழுகு ஓடிப்போன வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைப்பார்கள். அச்சு அதோடு போய்விடும், அதே சிலையை இன்னொன்று எடுக்க முடியாது. அந்த உடைக்கும் சத்தத்துக்காகத்தான் ஜன்னலில் காத்திருப்பாராம்.

நடுவில் ஒரு பெரிய குடும்பம் குழந்தைகளோடு வந்து கூடம் இரைச்சலானது. அவருக்குக் கேட்கவில்லை. பேச்சு அறுந்தது. அவள் தொடர்ந்து கத்திப் பேசவில்லை. "கொஞ்சம் வெளியே நடந்துட்டு வரலாமா?" என்றாள். மரநிழலில் ஒரு சுற்று நடந்து திரும்பினார்கள். திட்டம் வைத்திருப்பவர் திட்டத்தைக் கைவிடவும் தெரிந்தவராக இருந்தால் போதும், நாள் கெடாது.

திரும்பி வந்தபோதுதான் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றார்கள். சிவன் பாதிக்கு இரண்டு கை, அம்மன் பாதிக்கு ஒரு கை. இப்போது பேச வேண்டியது அவள். ஒரே உடம்பில் வலது தொடையோடு நின்றுவிடும் உடை, இடது கணுக்கால் வரை இறங்கும் உடை, இரண்டும் இடுப்பில் சந்திக்கும் இடம் என்று விரல் நீட்டி நீட்டிக் காட்டினாள். அவர் வரிசையாகக் கேள்வி கேட்டார். துணி எப்படி நிற்கிறது, நெய்யும்போதே கரை வருமா, இதை இன்று தைக்க முடியுமா. காவலர் வந்து மணி ஐந்து என்றார். இன்னும் இரண்டு கேள்வி பாக்கி.

டிபன் நடந்தது. ஒரே ரயிலும் நடந்தது!

நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வது, திட்டம் சரியாக இருந்ததா என்று? அவர் உங்களுக்கு நன்றி சொன்னாரா என்று பார்க்காதீர்கள். உங்களைப் பற்றி அவர் கேள்வி கேட்டாரா என்று பாருங்கள். கேட்காமலே போய்விட்டால் நீங்கள் ஏற்பாடு செய்தது அவருக்கான விருந்து, அங்கே உங்களுக்கு இலை போடவில்லை.

இன்று காலை நிலவரம்: மூன்றாவது டேட்டை அவர் திட்டமிடுகிறார். காஞ்சிபுரத்தில் தறி பார்க்கலாமா, இல்லை சென்னையிலேயே பக்கமாக ஏதாவது போதுமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார், இரண்டையும் சொல்லி, தேர்வை அவளிடம் விட்டு.