வரவைப் புரட்டும் ஓர் எழுத்து

ஐரோப்பாவில் ஒரு நிறுவனத்தின் கணக்காளர் காலையில் வந்ததும் வங்கி அனுப்பிய ஒரு கோப்பைத் திறக்கிறார். எம்.டி. 940 என்று அதற்குப் பெயர். வங்கிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் பெல்ஜிய அமைப்பான ஸ்விஃப்ட் வகுத்த வடிவம் இது. பாஸ்புக்கின் ஒரு பக்கத்தைக் கணினிக்காகச் சுருக்கி எழுதியதுபோல இருக்கும்.

```
:60F:C240304EUR12500,00
:61:2403050305D1800,50NTRFINV4471
:61:2403050305C3250,00NTRFKD208
:61:2403050305RC400,00NRTISUB17
:62F:C240305EUR13549,50
```

முதல் வரி தொடக்க இருப்பு. C என்றால் கணக்கில் பணம் இருக்கிறது. D என்றால் வங்கிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள்: 2024 மார்ச் 4. பிறகு யூரோ, அதன்பின் தொகை. இங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. இதை மறந்தால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பன்னிரண்டரை லட்சமாகிவிடும்.

`:61:` என்று தொடங்கும் வரி ஒவ்வொன்றும் ஒரு பரிவர்த்தனை. அதில் தேதி இருமுறை வருகிறது: முதலாவது வட்டிக் கணக்குக்கான நாள், இரண்டாவது வங்கி பதிந்த நாள். பின்னதில் ஆண்டு இல்லாததால், டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதலிலும் வரும் வரிகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். தேதிகளை அடுத்து வரும் எழுத்துதான் பணம் வந்ததா போனதா என்று சொல்கிறது. D பற்று, C வரவு. இது வங்கியின் பார்வை. நம் பேரேட்டில் வங்கிக் கணக்கு இதற்கு நேர் எதிராக நிற்கும்.

சிக்கல் மூன்றாவது பரிவர்த்தனையில் இருக்கிறது. சந்தாதாரர் ஒருவரிடமிருந்து நேரடிப் பற்று முறையில் 400 யூரோ வசூலாகியிருந்தது. அவர் அதைத் திருப்பிக் கேட்டுவிட்டார். யூரோ நாடுகளின் பொது விதிப்படி 8 வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே கேட்கலாம். ஆகவே வங்கி முன்பு தந்த வரவை ரத்து செய்கிறது. RC என்பது அதுதான். பணம் வெளியே போகிறது. R-ஐ விட்டுவிட்டு C-ஐ மட்டும் படிக்கும் மென்பொருள், போன பணத்தை வந்ததாக எழுதிவிடும்.

கூட்டிப் பார்ப்போம். 12,500-இல் 1,800.50 போய், 3,250 வந்து, 400 போனால் 13,549.50. கடைசி வரியான `:62F:`, அதாவது இறுதி இருப்பு, இதையேதான் சொல்கிறது. தவறாகப் படித்த மென்பொருளோ 14,349.50 என்று காட்டும். வித்தியாசம் 800, திரும்பிப் போன தொகையைப் போல இரு மடங்கு. கழிக்க வேண்டியதைக் கூட்டினால் எப்போதும் இப்படித்தான் ஆகும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு நாளின் கோப்பே வராமல் போனால், மற்றவை ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகவே கூடும். நேற்றைய இறுதி இருப்பும் இன்றைய தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால்தான் விடுபட்ட நாள் தெரியவரும்.

அடுத்த முறை உங்கள் கணக்கு ஒத்துப்போகவில்லையென்றால், வித்தியாசத்தைப் பாதியாக்கி, முதலில் அந்தத் தொகையைக் கோப்பில் தேடுங்கள்.