குளியலறையில் நாற்றமா? ஜாலியைத் தூக்கிப் பாருங்கள்

பெருநாளைக்கு உறவினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதவைத் திறந்ததுமே சாக்கடை நாற்றம். பினாயில் ஊற்றினால் சற்று அடங்கி, மறுபடியும் வரும்.

காரணம் தரை ஜாலிக்குக் கீழே இருக்கிறது. அங்குள்ள ட்ராப்பில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் குழாயின் நாற்றத்தைத் தடுக்கிறது. நம் பள்ளிப்பட்டு வெயிலில் சில வாரம் புழங்காமல் விட்டால் அது வற்றிவிடும். எனவே முதலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றம் நின்றால் ட்ராப்பில் குறையில்லை. வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்.

நிற்காவிட்டால் ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சில இடங்களில் வளைந்த ட்ராப் இருக்காது. ஜாலிக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் மட்டுமே இருக்கும். அதில் நிற்கும் தண்ணீர் குறைவு, சீக்கிரம் வற்றும். முடியும் சோப்பும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அந்தக் கிண்ணத்தை எடுத்துவிட்டால், நாற்றத்துக்கு வழி திறந்ததாகிவிடும்.

புதிதாகக் கட்டுவோர், 50 மில்லிமீட்டர் (2 அங்குலம்) நீரடைப்பு உள்ள நானி ட்ராப் கேட்டு வாங்குங்கள். பின்னால் மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் மெதுவாகப் போகிறதா? ஜாலியை எடுத்துவிட்டு ஒரு வாளி ஊற்றுங்கள். வேகமாக இறங்கினால் ஜாலியின் ஓட்டைகள் சிறியவை அல்லது அடைபட்டவை. அப்போதும் தேங்கினால் அடைப்பு ட்ராப்பிலோ குழாயிலோ இருக்கிறது. எந்த ஜாலி வாங்கினாலும் சிமெண்ட் வைத்துப் பூசிவிடாமல், கையால் தூக்கிக் கழுவும்படி பொருத்தச் சொல்லுங்கள்.