சிவப்புக்கு முன் கவரைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் கரம் போர்டும் வெளியே வந்துவிடும். பந்தயம் இல்லாமல், தொழுகை நேரத்தை விழுங்காமல் ஆடும்வரை பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சிவப்புக் காய் குழிக்கு நேராக நின்றுவிட்டால் போதும், யோசிக்காமல் அடித்துவிடுவார்கள். அடுத்த அடியில் கவர் தவறும். சிவப்பு நடுவட்டத்துக்குத் திரும்பும், ஆட்டம் எதிராளியின் கைக்குப் போகும்.

விதி இதுதான்: உங்கள் காய் ஒன்றையாவது போட்ட பிறகே சிவப்பை எடுக்கலாம். எடுத்ததும், அடுத்த அடியிலேயே உங்கள் காய் ஒன்றைப் போட்டு அதைக் கவர் செய்ய வேண்டும். ஒரே அடியில் சிவப்பும் உங்கள் காயும் விழுந்தால் அதுவும் கவர்தான். சிவப்புக்கு 3 புள்ளி. ஆனால் அந்த போர்டை வென்றவர் கையில் சிவப்பு இருந்தால் மட்டுமே அது சேரும். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னைச் சகோதரி காசிமா ஆடியதும் இந்த விதிகளின்படிதான்.

ஓமந்தையில் ஒரு வீட்டுத் திண்ணையில், அஸருக்குப் பின் அண்ணனும் தம்பியும் ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறேன். தம்பிக்கு வெள்ளை, நான்கு காய் மீதி. அண்ணனுக்குக் கறுப்பு, ஐந்து மீதி. சிவப்பு, தம்பிக்கு எதிரே வலப்பக்க மூலைக் குழியருகில் நேராக நின்றது. வெள்ளையில் ஒன்று எதிரே இடப்பக்கக் குழியருகில் இருந்தது. ஆனால் அந்தக் குழியின் வாயில் ஒரு கறுப்பு அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வெள்ளை வலப்பக்கச் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தன. மற்றொன்று தம்பியின் கோட்டுக்குப் பின்னால்.

"தம்பி, கவர் எங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"விட்டா நீங்க எடுத்திருவீங்களே நானா!" என்று சொல்லிக்கொண்டே தம்பி அடித்தான். சிவப்பு விழுந்தது. கவருக்காக இடப்பக்க வெள்ளையை அடித்தான். அது கறுப்பைத் தள்ளிக் குழிக்குள் போட்டுவிட்டு வாயிலேயே நின்றுவிட்டது. அண்ணனுக்கு இலவசமாக ஒரு காய்! நடுவட்டத்துக்கு வந்த சிவப்பை அவர் எடுத்து, கவரும் செய்துவிட்டார். அவர் முடித்தபோது தம்பிக்கு மூன்று வெள்ளை மீதி. மூன்றும் மூன்றும் ஆறு புள்ளி.

தம்பியின் பயம் நியாயமானதா? பலகையை அண்ணன் பக்கத்திலிருந்து பாருங்கள். அந்தச் சிவப்பு அவருடைய கோட்டுக்குப் பின்னால், அவரது மூலையில் இருந்தது. கோட்டுக்குப் பின்னால் இருக்கும் காயை நேராக அடிப்பது கடினம். பெருவிரலால் பின்னோக்கி அடிக்க வேண்டும், அல்லது ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மோதித் திருப்பி அடிக்க வேண்டும். தம்பிக்கு எளிதான சிவப்பு, அண்ணனுக்கு மிகக் கடினமானது. அதைத் தானே எடுத்து, கவர் இல்லாமல் நடுவட்டத்துக்கு அனுப்பியதால்தான் அது அவருக்கு எளிதானது.

அவன் செய்திருக்க வேண்டியது, வலச் சட்டத்தில் ஒட்டிய இரண்டு வெள்ளையை மெல்லத் தட்டி ஒன்றைப் பிரித்து வைப்பது. அண்ணனுக்கு ஒரு ஆட்டம் கிடைக்கும், உண்மைதான். அவர் மோதித் திருப்பிச் சிவப்பைக் கலைத்துவிடவும் கூடும். ஆனாலும் கவர் இல்லாத சிவப்பை எடுப்பதைவிட அது சிறிய ஆபத்து. இன்னொன்று: கவருக்கு ஏற்ற காய் ஒன்றுதான் இருக்கிறது என்றால், எளிது என்பதற்காக அதை முதலில் போட்டுவிடாதீர்கள். சிவப்பு விழும்வரை அது அங்கேயே நிற்கட்டும்.

கவர் தயாராக இருந்தாலும் எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. எதிராளிக்கு ஒரே காய் மீதி, உங்களுக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு பலகையில் இருக்கும்வரை அவர் அந்தக் கடைசிக் காயைப் போட முடியாது. போட்டால் போர்டையே இழப்பார். சிவப்பை எடுத்து, அந்தக் காயாலேயே கவர் செய்தாக வேண்டும். இந்த நிலையில் நீங்கள் சிவப்பை எடுத்துக் கவர் செய்தால், அவர் வழியிலிருந்த பூட்டை நீங்களே திறந்துவிடுகிறீர்கள்.

இங்கே அவருடைய புள்ளியைப் பார்க்க வேண்டும். ஆட்டம் 25 புள்ளிக்கு. அவர் 17ல் இருந்தால், சிவப்போடு வென்றால் ஆறும் மூன்றும் ஒன்பது. 26 ஆகி ஆட்டமே முடிந்துவிடும். நீங்கள் சிவப்பை எடுத்துக் கவர் செய்தால் உங்களுக்கு ஐந்து காய்தான் மீதி. அவர் வென்றாலும் 22ல்தான் நிற்பார். உங்களுக்கு அடுத்த போர்டு உண்டு. ஆகவே எடுங்கள். அவர் ஏற்கனவே 22ஐத் தொட்டிருந்தால் கணக்கு வேறு. 22லிருந்து சிவப்புக்குப் புள்ளியே கிடையாது. அதை எடுத்து அவரிடமிருந்து நீங்கள் காப்பாற்றுவது எதுவுமில்லை, பூட்டைத்தான் திறந்து விடுகிறீர்கள். அப்போது சிவப்பை விட்டுவிட்டு உங்கள் வெள்ளைகளைக் குறையுங்கள். கவருக்கு ஒன்றை மட்டும் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சில வீடுகளில் 22 புள்ளி விதியைப் பார்ப்பதில்லை. அங்கே ஆடும்போது, முதல் அடிக்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.