மணல் மேட்டில் ஒரு குடோன்

பத்து மீட்டர் உயர ரேக்குகள் நிற்கும் குடோனில் தளம் சின்னதாக இறங்கினாலும் பெரிதாகத் தெரியும். ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கால்களில் ஒன்று மட்டும் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், ரேக்கின் உச்சி பத்து சென்டிமீட்டர் சாய்கிறது. அந்த உயரத்தில் ஒரு டன் பலகையைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு அது விளையாட்டல்ல. தளத்தின் இணைப்புகளில் கான்கிரீட் விளிம்பு உடைவதும், வண்டிச் சக்கரம் தடக்கென்று ஏறி இறங்குவதும் பெரும்பாலும் இதே கதையின் முதல் பக்கங்கள்.

கதை தொடங்குவது தளத்துக்குக் கீழே. எண்ணூர், மீஞ்சூர் போன்ற தாழ்வான இடங்களில் குடோன் கட்ட வேண்டுமென்றால் முதலில் மண் கொட்டி நிலத்தை உயர்த்த வேண்டும். படிப்படியாகப் பரப்பி, ஒவ்வொரு படியையும் ரோலர் ஓட்டி இறுக்கினால் தொல்லை இல்லை. லாரி லாரியாகக் கொட்டி மேலே மட்டும் சமப்படுத்தினால், உள்ளே மணல் தளர்வாகவே கிடக்கும்.

ஒரு கணக்குக்காக இப்படி ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 10,000 சதுர மீட்டர். நிரப்பிய மணல் 4.5 மீட்டர். நிலத்தடி நீர் 2.5 மீட்டர் ஆழத்தில். தளம் சதுர மீட்டருக்கு 5 டன் தாங்க வேண்டும். போர் போட்டு எஸ்.பி.டி. பார்த்தால், அதாவது 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணினால், ஐந்து முதல் எட்டு அடி என்று வருகிறது. பத்துக்குக் கீழே என்றால் தளர்ந்த மணல்.

இந்த மணல் இரண்டு விதமாக இறங்கும். சரக்கின் பாரத்தால் ஏறத்தாழ 2.5 முதல் 3 சென்டிமீட்டர். அது முதல் கட்டம். ஆனால் ஈரப்பதத்தால் ஒட்டி நிற்கும் தளர்ந்த மணலுக்குள் மழைநீரோ குழாய்க் கசிவோ புகுந்தால், அந்த ஒட்டு கரைந்து மணல் திடீரென்று அமரும். எங்கே நீர் புகுந்ததோ அங்கே மட்டும் அமரும் என்பதுதான் ஆபத்து. தளம் முழுக்க ஒரே அளவில் இறங்கினால் யாரும் கவலைப்படப் போவதில்லை.

மலிவான வழி, மேலிருந்து பத்து டன் அதிர்வு ரோலரை நாலைந்து முறை ஓட்டுவது. இதன் வேலை சுமார் ஒரு மீட்டர் ஆழத்தோடு முடிகிறது. மீதி மூன்றரை மீட்டர் பழையபடி கிடக்கும். ஆனாலும் சோதனையில் அது தேறிவிடும். காரணம், சோதனை எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் அகல இரும்புத் தட்டில் பாரம் ஏற்றிப் பார்க்கும் பிளேட் லோடு டெஸ்ட், தட்டின் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆழத்தைத்தான் உணரும். அதாவது 1.2 மீட்டர். குடோனோ பல பத்து மீட்டர் அகலத்துக்குப் பாரம் ஏற்றுகிறது. அந்தப் பாரம் 4.5 மீட்டர் ஆழத்திலும் குறையாமல் போய்ச் சேரும். தட்டுச் சோதனையை மட்டும் காட்டி "தளம் ரெடி" என்று சொல்பவரிடம், "ஆழத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்க வேண்டும்.

தோண்டி எடுத்து, 30 சென்டிமீட்டர் படிகளாக மறுபடி போட்டு இறுக்குவது நம்பகமான பழைய வழி. நம் மனையில் 45,000 கன மீட்டர் மணலை எடுக்கவும் போடவும் வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு மீட்டர் இருப்பதால் இரவும் பகலும் பம்ப் ஓட வேண்டும். நிரப்பு இரண்டு மீட்டருக்குள் இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன். நாலரை மீட்டருக்கு இது பணத்தை விழுங்கும்.

அடுத்தது, கனத்த எடையை உயரத்திலிருந்து போட்டு நிலத்தை அதிரவைக்கும் முறை. பிரெஞ்சுப் பொறியாளர் லூயி மெனார்டு பரப்பியது. எடையை டன்னிலும் உயரத்தை மீட்டரிலும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தில் ஏறத்தாழ பாதி எடுத்தால் மணலில் எட்டும் ஆழம் வரும். 10 டன்னை 10 மீட்டரிலிருந்து போட்டால் 5 மீட்டர். நம் மனைக்குப் போதும். அகன்ற திறந்த நிலத்தில் இந்த ஆழத்துக்கு இதுவே பெரும்பாலும் மலிவு. ஆனால் கிரேனைக் கொண்டுவரும் செலவு பரப்பைப் பார்த்து மாறாது. அது 15 லட்சம் என்று வைத்தால், 10,000 சதுர மீட்டருக்குப் பங்கிட்டால் 150 ரூபாய். 1,000 சதுர மீட்டருக்கு 1,500 ரூபாய். சிறிய குடோனுக்கு மலிவு முறையே விலையேறிவிடும். பதினைந்து மீட்டரில் ஒரு பழைய வீடு இருந்தாலும் இதைத் தொடக் கூடாது. சுவர் விரிசல் வழக்காகும்.

வீடு அருகில் இருந்தால் அதிர்வு ஊசி பொருந்தும். நீளமான அதிர்வுக் கருவியைத் தண்ணீர்ப் பீச்சலோடு மணலுக்குள் இறக்கி, மெல்ல மேலே இழுத்தபடி சுற்றிலுமுள்ள மணலை நெருக்குவது. ஜெர்மனியில் 1930-களில் உருவானது. மூன்று மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக அமைத்தால் ஒரு புள்ளிக்கு 7.8 சதுர மீட்டர். நமக்கு ஏறத்தாழ 1,280 புள்ளிகள். எடை போடுவதைவிடக் கொஞ்சம் செலவு கூடும். ஆழம் கூடக் கூட இதுவே லாபம். ஒரு நிபந்தனை: மணலில் 75 மைக்ரான் சல்லடையைத் தாண்டும் நுண்தூள் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பதினைந்தைத் தாண்டினால் தண்ணீர் வெளியேற முடியாமல் மணல் நெருங்காது. சவுடு கலந்த லாரிகள் இடையிடையே வந்திருந்தால் மனையின் ஒரு மூலை தேறும், மறு மூலை தேறாது.

அந்த மாதிரி மண்ணுக்கு ஜல்லித் தூண். 80 சென்டிமீட்டர் குறுக்களவில், இரண்டு மீட்டர் இடைவெளியில் போட்டால் ஏறத்தாழ 2,900 தூண்கள், 6,500 கன மீட்டர் ஜல்லி. விலையை ஜல்லிதான் நிர்ணயிக்கிறது. பைல் அடித்து அதன்மேல் தளத்தைத் தாங்குவது இன்னும் பல மடங்கு. நாலு மீட்டருக்கு ஒன்று என்றாலே 625 பைல்கள், ஒவ்வொன்றிலும் சரக்குப் பாரம் மட்டும் 80 டன். தளம் அசையாது. ஆனால் வாசலில் லாரி நிற்கும் முற்றம் பைல் இல்லாமல் இறங்கிக்கொண்டே போக, கதவோரத்தில் படி உண்டாகும்.

விலைப்பட்டியலில் பலர் மறப்பது வேறு ஒன்று. மணல் நெருங்கினால் நிலம் தாழத்தான் வேண்டும். ஆறு சதவீதம் சுருங்கினால் 4.5 மீட்டரில் 27 சென்டிமீட்டர். அதை மீண்டும் நிரப்ப 2,700 கன மீட்டர் புது மணல் வேண்டும். இதுவே நல்ல சாட்சியும் கூட. எடையைப் போட்டோ ஊசியை இறக்கியோ முடித்த பின் நிலமட்டம் அப்படியே இருந்தால், ஆழத்தில் எதுவும் நடக்கவில்லை என்று பொருள்.

முழு வேலைக்கும் விலை பேசுவதற்கு முன் 20 மீட்டருக்கு 20 மீட்டர் பரப்பில் முன்னோட்டம் பார்ப்பது நல்லது. இரண்டு வெவ்வேறு இடைவெளிகளில் செய்து, ஒரு வாரம் பொறுத்து, புள்ளிகளுக்கு நடுவில், முழு ஆழத்துக்கும் எஸ்.பி.டி. எடுக்க வேண்டும். புள்ளியின் மேலேயே சோதித்தால் எண் அழகாக வரும், நடுவில்தான் பலவீனம். அங்கே பதினைந்து இருபது அடி கிடைத்தால் அந்த இடைவெளியையே ஒப்பந்தத்தில் எழுதலாம். கருவி ஓடிய மணி நேரத்துக்குப் பணம் என்று எழுதாமல், நடுப்புள்ளியில் கிடைக்கும் எண்ணுக்குப் பணம் என்று எழுதலாம். கட்டட விளிம்புக்கு வெளியே இன்னும் இரண்டரை மீட்டர் வரை வேலை செய்வதையும் அதே தாளில் சேர்த்துவிடலாம். விளிம்போர ரேக்குகளின் கீழ்தான் மணல் பக்கவாட்டில் நகர இடமிருக்கும்.