பார்சல் எத்தனை நாளில் ஒரு முடிவுக்கு வரும்?

அனுப்பிய பார்சலின் பயணம் இரண்டு விதமாகத்தான் முடியும். ஒன்று, உரியவர் கையில் சேரும், இல்லையென்றால் தொலைந்துபோகும். எது நேர்ந்தாலும் அதன்பின் நிலை மாறாது. இப்படி உள்ளே போனால் வெளியேற முடியாத நிலைகளைக் கொண்ட மார்கோவ் சங்கிலிக்கு உறிஞ்சும் சங்கிலி என்று பெயர். நாளைய நிலை இன்றைய நிலையை மட்டுமே பொறுத்தது என்பது இதன் அடிப்படை விதி.

கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்களோடு ஒரு கூரியரைப் பார்க்கலாம். ஒரு படி என்பது ஒரு நாள். அனுப்பிய பார்சல் மறுநாள் ஊரிலுள்ள மையத்துக்கு வந்துவிடுகிறது. மையத்தில் இருக்கும் பார்சல் மறுநாளும் அங்கேயே தங்க 20 சதவீத வாய்ப்பு, டெலிவரிக்குப் புறப்பட 75, தொலைய 5. புறப்பட்டதில் 60 சதவீதம் கைசேர்கிறது. மீதி 40, வீடு பூட்டியிருப்பதாலோ முகவரி பிடிபடாததாலோ மையத்துக்கே திரும்புகிறது.

மையத்திலிருந்து முடிவு தெரிய ஆகும் சராசரி நாட்கள் x, டெலிவரிக்குப் புறப்பட்ட நிலையிலிருந்து y என்று கொள்வோம். எப்படியும் ஒரு நாள் கழியும். மிச்சம், அடுத்து எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது.

```
x = 1 + 0.2x + 0.75y
y = 1 + 0.4x
```

தீர்த்தால் x = 3.5, y = 2.4. அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால் 4.5 நாட்கள். இது சராசரிதான், எந்தப் பார்சலுக்கும் கொடுத்த வாக்கு அல்ல.

அந்த 3.5 நாட்களில் 2 மையத்திலும் 1.5 டெலிவரிச் சுற்றிலும் கழிகின்றன. மையத்தில் ஒவ்வொரு நாளும் 5 சதவீத ஆபத்து என்பதால் மொத்த இழப்பு 10 சதவீதம். ஒரு நாள் கணக்கில் சிறிதாகத் தெரிந்த ஆபத்து, பார்சல் திரும்பத் திரும்ப மையத்துக்கு வருவதால் இரட்டிப்பாகிறது.

இந்தக் கணக்கின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. புறப்படும் முன் வாடிக்கையாளருக்கு போன் செய்து, திரும்பிவரும் விகிதத்தை 40இலிருந்து 20 ஆகக் குறைத்தால், 4.5 நாட்கள் சுமார் 3.7 ஆகிறது. மையத்தின் பாதுகாப்பில் எதையும் மாற்றாமலேயே இழப்பும் 7.7 சதவீதத்துக்கு இறங்குகிறது.

நடைமுறையில் பிசகுவது அந்த அடிப்படை விதிதான். முகவரி தவறான பார்சல் ஒருமுறை திரும்பினால் மறுமுறையும் திரும்பும். முதல் முயற்சியிலும் மூன்றாவது முயற்சியிலும் திரும்பும் விகிதத்தைப் பதிவேட்டில் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். இரண்டும் வெகுவாக வேறுபட்டால், 'முதல் முயற்சி', 'மறுமுயற்சி' என்று நிலையைப் பிரித்து எழுத வேண்டும். சமன்பாடுகள் கூடும், முறை மாறாது. இன்னொன்று, தொலைந்த பார்சலை யாரும் ஸ்கேன் செய்வதில்லை. பல நாள் தகவலே இல்லாத பிறகுதான் அது தொலைந்ததாக அறிவிக்கப்படுகிறது. அந்தக் காத்திருப்பையும் 'தகவல் இல்லை' என்ற தனி நிலையாகச் சேர்க்காவிட்டால் சராசரி நாட்கள் குறைவாகவே காட்டும்.