நாற்காலிக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பெயர்

1978-இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொலைக்காட்சித் தொடரில் அப்பல்லோ, ஸ்டார்பக், பூமர் என்பவை பாத்திரங்களின் சொந்தப் பெயர்கள். 2003-இல் ரொனால்ட் டி. மூர் அதே கதையைப் புதிதாக எழுதியபோது, அவற்றை வானொலியில் விமானிகளை அழைக்கும் 'கால் சைன்' ஆக்கினார். சொந்தப் பெயர்கள் லீ அடாமா, காரா த்ரேஸ், ஷரோன் வலேரி என்று மாறின. இந்த ஒரு மாற்றத்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு முகங்கள் கிடைத்தன.

கப்பலில் இருவகை அழைப்புகள் உண்டு. முதல் வகை பொறுப்பைச் சார்ந்தது. வானொலியில் 'கலாக்டிகா' என்று கேட்டால் பேசுவது தகவல் அதிகாரியாக இருக்கலாம். 'கலாக்டிகா ஆக்சுவல்' என்றால் தளபதியே பேசுகிறார். இது அமெரிக்க ராணுவத்தில் உண்மையிலேயே உள்ள வழக்கம். இந்தப் பெயர் நாற்காலிக்கு உரியது; தளபதி மாறினால் அதுவும் அடுத்தவருக்குப் போய்விடும்.

இரண்டாவது வகை ஆளோடு ஒட்டிக்கொள்வது. காரா த்ரேஸ் அறிமுகமாகும்போதே சீட்டாட்ட மேசையில் மேலதிகாரியை அடித்துவிட்டுச் சிறைக்குப் போகிறாள். போர் மூண்டதும் அவளைச் சிறையிலிருந்து விடுவிக்கிறார்கள், ஏனென்றால் அவளைவிடத் திறமையான விமானி கப்பலில் இல்லை. பின்னாளில் விமானப் பிரிவுக்கே தலைமை ஏற்கும்போதும் வானொலியில் அவள் ஸ்டார்பக்தான். பதவி உயர்ந்தாலும் முரட்டுக் குணம் மாறவில்லை என்பதை அந்தப் பெயரே நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

இந்த முறையின் முழு வலுவும் ஷரோன் விஷயத்தில் தெரிகிறது. பூமர் என்ற ஷரோன், மனித உருவில் உள்ள சைலான் எந்திரம். அது அவளுக்கே தெரியாது. முதல் பருவத்தின் முடிவில் அவள் தளபதியைச் சுட்டுவிடுகிறாள். பிறகு அதே முகத்தோடு இன்னொரு ஷரோன் வருகிறாள். நெடுநாள் சிறையில் இருந்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, மூன்றாம் பருவத்தில் அதிகாரியாகிறாள். அவளைப் பூமர் என்று அழைத்தால் சுட்டவளின் பழி இவள் தலையில் விழும். சக விமானிகள் கூடி 'அதீனா' என்று பெயர் வைக்கிறார்கள். சீருடையைத் தளபதி தந்துவிட்டார். ஆனால் 'இவள் நம்மவள்' என்று சொல்லக் கூட இருந்து பறப்பவர்களால்தான் முடியும். அதனால்தான் கால் சைனைத் தானே சூட்டிக்கொள்ளும் பாத்திரம் கதையில் எடுபடுவதில்லை.

விண்கலக் கதை எழுதுகிறவர்கள் இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். இரைச்சலான வானொலியில் இரு பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தால், ஒன்றை மாற்ற வேண்டும். அடுத்து, ஒவ்வொரு பெயரையும் யார், எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வைத்தார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லாத பெயர் வெறும் அலங்காரம். அதை எடுத்துவிட்டாலும் கதைக்கு நஷ்டமில்லை.