ஒரு லிட்டர் வெந்நீருக்கு என்ன செலவு?

கெட்டில் வீட்டுக்குள் வந்த மறுநாளே வீடு இரண்டு கட்சியாகிவிடும். "கரண்ட் பில் எகிறும், பேசாம கேஸ்லயே வைங்க" என்று ஒருவர் சொல்வார். "சிலிண்டர் விலை தெரியுமா? கெட்டில்தான் மிச்சம்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சில வீடுகளில் சரி, சில வீடுகளில் தவறு. எந்த வீட்டில் எது சரி என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். பள்ளியில் படித்த கலோரி இருந்தால் போதும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சராசரியாக 28 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கொதிக்க 100 டிகிரியைத் தொட வேண்டும். இடையே 72 டிகிரி, ஆகவே 72 கிலோகலோரி. விறகில் வைத்தாலும் கேஸில் வைத்தாலும் கெட்டிலில் வைத்தாலும் தண்ணீர் கேட்பது இந்த 72 மட்டுமே. செலவு மாறுவது, இந்த 72ஐத் தண்ணீருக்குள் சேர்ப்பதற்காக வெளியே எவ்வளவு எரிக்கிறோம் என்பதில்தான்.

முதலில் கெட்டிலைப் பார்ப்போம். இப்போது கடைகளில் கிடைக்கும் ஸ்டீல் கெட்டில்களில் சூடேறும் கம்பி அடித்தட்டுக்குக் கீழே ஒட்டி மறைந்திருக்கும். கம்பியில் பிறக்கும் வெப்பம் தட்டைத் தாண்டினால் நேரே தண்ணீர்தான். அதற்கு வேறு போக்கிடம் அதிகம் இல்லை. கெட்டிலின் உடம்பும் சூடாக வேண்டும் என்பதால் கொஞ்சம் போகும், பக்கவாட்டில் காற்றுக்குக் கொஞ்சம் போகும். ஒரு லிட்டர் வைத்தால் நாம் கொடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீரில் சேர்ந்துவிடும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி வெப்பம். 72ஐச் சேர்க்க 85 கிலோகலோரி செலவழிகிறது, அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 1500 வாட் கெட்டிலில் இதற்கு நான்கு நிமிடம் ஆகும்.

அடுப்பில் நிலைமை வேறு. தீ பாத்திரத்தின் அடியைத் தொட்டுவிட்டு அங்கேயே நிற்பதில்லை. சூடான புகை அடியில் பரவி, ஓரமாக மேலேறி, அடுப்படிக் காற்றில் கலந்துவிடுகிறது. கோடையில் அடுப்பருகே நிற்பவருக்கு அடிக்கும் அனல், சிலிண்டரிலிருந்து காசு கொடுத்து வாங்கிய வெப்பம்தான். வீட்டு கேஸ் அடுப்பின் வெப்பத்திறன் 68 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், பர்னருக்கு ஏற்ற அகலப் பாத்திரத்தை மூடி வைத்து அளக்கும் எண். வீட்டில் நாம் டீ போடும் சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்து, தீயை முழுதாகத் திறந்து, மூடாமல் விட்டால் 45 சதவீதம் தேறினாலே பெரிது. பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி நீலத் தீ வெளியே நக்குகிறதா என்று குனிந்து பாருங்கள். வெளியே தெரியும் தீயில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போகவில்லை. ஓரளவு அகலப் பாத்திரம், மூடி, அடியை மீறாத தீ என்று கவனித்து வைத்தால் 60 சதவீதம் வரை கொண்டுவரலாம்.

அந்த 60ஐ வைத்தே கணக்குப் பார்ப்போம். 72ஐத் தண்ணீரில் சேர்க்க 120 கிலோகலோரி எரிய வேண்டும். ஒரு கிலோ சமையல் கேஸ் ஏறக்குறைய 10,900 கிலோகலோரி தரும். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 11 கிராம் கேஸ். அடுப்பை அலட்சியமாக வைத்து 45 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 15 கிராம்.

இனி விலைக்கு வருவோம். 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிராம் ஆறு பைசாவுக்குச் சற்று மேல். ஆயிரம் கிலோகலோரி வெப்பம் 5 ரூபாய் 60 பைசாவுக்குக் கிடைக்கிறது. மின்சாரத்தில் யூனிட் 4 ரூபாய் 80 பைசா என்றால் அதே ஆயிரம் கிலோகலோரி ஏறக்குறைய அதே 5 ரூபாய் 60 பைசா. வாங்கும் விலை ஒன்றாகவே இருக்கும்போது வீணாக்காத கெட்டில் ஜெயிக்கும். ஒரு லிட்டருக்குக் கெட்டிலில் 48 பைசா, கவனமாக வைத்த அடுப்பில் 67 பைசா, அலட்சியமாக வைத்த அடுப்பில் 90 பைசா.

ஆனால் மின்சாரத்தின் விலை எல்லா வீட்டிலும் 4 ரூபாய் 80 பைசா இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 400 வரை 4.80, அடுத்த நூறுக்கு 6.45, 501 முதல் 600 வரை 8.55 என்று ஏறி, ஆயிரத்தைத் தாண்டினால் 11.80 ஆகிறது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, "நமக்கு யூனிட் நாலு ரூபாய்தான்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். கெட்டில் புதிதாகச் சேர்க்கும் யூனிட் சராசரி விலையில் வராது. அது வீட்டின் கடைசிப் படியில் போய் உட்காரும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் டீக்கும் காபிக்கும், இரவில் குடிக்க வெந்நீருக்கும் சேர்த்துத் தினமும் மூன்று லிட்டர் கொதிக்கிறது. இரண்டு மாதத்தில் 180 லிட்டர், கெட்டிலில் 18 யூனிட். ஏசி இல்லாமல் 300 யூனிட்டில் நிற்கும் வீடு என்றால் அந்த 18 யூனிட்டுக்கு 86 ரூபாய். கேஸில் வைத்தால் இரண்டு கிலோ போகும், 121 ரூபாய். இங்கே கெட்டில்தான் மிச்சம். அதே குடும்பம் ஏசி ஓட்டி 550 யூனிட்டில் இருந்தால் கெட்டிலுக்கு 154 ரூபாய், கேஸ் அதே 121. இங்கே கவனமாக வைத்த அடுப்பு ஜெயிக்கும், அலட்சியமாக வைத்த அடுப்பு தோற்றுவிடும். ஏறக்குறைய 6 ரூபாய் 85 பைசாதான் இரண்டும் சமமாகும் விலை.

இடையில் ஒரு பள்ளமும் இருக்கிறது. வழக்கமாக 490 யூனிட்டில் நிற்கும் வீட்டில் கெட்டிலின் 18 யூனிட் சேர்ந்தால் 500 தாண்டிவிடும். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடும். அந்த மாத பில்லில் 200 ரூபாய்க்கு மேல் கூடும். வெந்நீரால் வந்தது என்று யாருக்கும் தோன்றாது. விளிம்பில் நிற்கும் வீடுகள் அந்த இரண்டு மாதம் அடுப்பிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கெட்டில் இவ்வளவு திறமையானது என்றால் மின்சாரம் ஏன் இன்னும் மலிவாக இல்லை? வீணாவது இங்கேயும் உண்டு, நம் கண்ணில் படாத இடத்தில். வட சென்னையிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ நிலக்கரியை எரித்து நீராவியாக்கி டர்பைனைச் சுழற்றும்போது, எரித்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம்தான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விக்கும் நீரிலும் புகைபோக்கியிலும் போய்விடும். கம்பியில் வரும் வழியிலும் கொஞ்சம் இழப்பு. கெட்டிலுக்கு வந்து சேரும் பத்தில் ஒரு யூனிட்டுக்காக அங்கே 250 முதல் 300 கிலோகலோரி வரை எரிந்திருக்கும், கரியில் சொன்னால் 70, 80 கிராம். கேஸ் அடுப்பில் எரிந்ததோ 120. கேஸை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, வீணாக்குவதை நம் அடுப்படியில் செய்கிறோம். மின்சாரத்தில் அந்த வேலையை அனல்மின் நிலையம் செய்து முடித்துவிட்டு, அதன் செலவையும் யூனிட் விலையில் சேர்த்து அனுப்புகிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் ஓடும் நேரத்தில் இந்தக் கரிக் கணக்கு மாறும், நம் பில் மாறாது.

பிரிட்டனில் குழாயில் வரும் எரிவாயு, அதே அளவு வெப்பத்துக்கு, மின்சாரத்தின் விலையில் நான்கில் ஒரு பங்குதான். அங்கே பாதி வெப்பம் வீணானாலும் அடுப்புதான் மலிவு. ஆனாலும் வீட்டுக்கு வீடு கெட்டில்தான் வைத்திருக்கிறார்கள், வேகத்துக்காக. நமக்கு வரும் கேஸில் பாதிக்கும் மேல் இறக்குமதி என்பதால் அந்த விலை வித்தியாசம் இங்கே இல்லை.

இதுவரை சொன்ன எல்லா வித்தியாசங்களையும் விழுங்கிவிடக்கூடிய ஒன்று இருக்கிறது. அது கொதித்த பிறகும் கொதிக்க விடுவது. தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் சூடாகாது. கொடுக்கும் வெப்பம் முழுக்க அதை ஆவியாக்கத்தான் போகும். மழைக்காலத்தில் குடிதண்ணீரைப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. நடுத்தர பர்னரில் அந்தப் பத்து நிமிடத்துக்கு 25 கிராமுக்கு மேல் கேஸ் போகும். கொதிக்க வைத்த செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி தண்ணீர் நன்றாகத் தளதளத்துவிட்டாலே நோய்க்கிருமிகளுக்கு அது போதும். கூடுதலாக ஒரு நிமிடம் விட்டால் தாராளம்.

கெட்டிலில் இதைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. கொதிக்கும்போது எழும் ஆவி ஒரு துவாரம் வழியாக ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்கு வந்து, அங்குள்ள இரட்டை உலோகத் தகட்டைச் சூடாக்கும். இரண்டு உலோகமும் ஒரே அளவில் விரியாததால் தகடு சட்டென்று வளைந்து ஸ்விட்சைத் தட்டிவிடும். மூடி சரியாக மூடவில்லை என்றால் ஆவி மேலே தப்பிவிடும், ஸ்விட்ச் விழாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். 1500 வாட்டில் ஒவ்வொரு நிமிடமும் 40 மில்லி தண்ணீர் ஆவியாகும். ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்த மின்சாரத்தில் கால் பங்கு அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். போர் தண்ணீரால் அடியில் படியும் வெள்ளைப் படலம் மின்சாரத்தைத் தின்கிறது என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் தவறு, வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். படலத்தால் கெடுவது கம்பி. அது அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் எரிந்துபோகும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் கொதிக்க வைத்தால் படலம் கரைந்துவிடும்.

ஒரு டம்ளர் டீக்கு ஒரு லிட்டர் வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது, நான்கு மடங்கு கொதிக்க வைத்துவிட்டு முக்கால்வாசியை ஆறவிடுகிறார்கள்.

உங்கள் கெட்டிலை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஈ.பி. மீட்டரின் முகப்பில் imp/kWh என்று ஓர் எண் இருக்கும், 3200 போல. சிவப்பு விளக்கு அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அளந்து ஒரு லிட்டர் ஊற்றிக் கெட்டிலைப் போடுங்கள். ஒருவர் மீட்டரருகே நின்று எண்ணட்டும். 3200 மீட்டர் என்றால் ஸ்விட்ச் விழும்போது 320 சுமாருக்கு வர வேண்டும். 400ஐத் தாண்டினால் மூடியையும் ஆவித் துவாரத்தையும் பாருங்கள்.